பழைய 970-உடன் இன்னொரு 970: எஸ்எல்ஐ இன்று பயன் தருமா?

வினோத்_தேனி
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஐ5 4690கே பிராசஸர், இசட்97 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டு. எல்லாம் பத்து ஆண்டுப் பழசு என்று தெரியும், கிண்டல் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் இருக்கும் இன்னொரு 970 கார்டை நான்காயிரம் ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இரண்டு கார்டையும் ஒன்றாக ஓட்டும் என்விடியாவின் எஸ்எல்ஐ முறைக்கான பிரிட்ஜும் சேர்த்துத் தருவாராம். இரண்டையும் சேர்த்தால் இப்போது வரும் கேம்களை 1080பி தெளிவில் நடுத்தர அமைப்பில் ஓட்ட முடியுமா? யூடியூபில் பார்த்த பழைய வீடியோக்களில் எல்லாம் பிரேம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. ஆனால் கடைசியாக யாரும் இதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. அதுதான் சந்தேகம்.

அனல்காற்று
தாராளமாக வாங்குங்கள். நான் 2013-இலிருந்து நான்கு ஆண்டுகள் இரண்டு கார்டு வைத்திருந்தவன். பேட்டில்ஃபீல்டு 4 எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடியது. எஸ்எல்ஐ செத்துப்போனதற்குக் காரணம் தொழில்நுட்பமே இல்லை. இரண்டு மலிவான கார்டுகள் ஒரு விலை உயர்ந்த கார்டை முந்துவது என்விடியாவுக்குப் பிடிக்கவில்லை. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060-இல் பிரிட்ஜ் மாட்டும் இடத்தையே எடுத்துவிட்டார்கள், அப்போதே புரிந்துவிட்டது. இன்னொன்று, டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் இரண்டு கார்டின் நினைவகமும் கூடும். உங்களுக்கு 8 ஜிபி கிடைக்கும்.

குமரி_கணினி
பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் மதர்போர்டின் இரண்டாவது நீள ஸ்லாட்டைப் பாருங்கள். இசட்97 போர்டு எல்லாவற்றிலும் எஸ்எல்ஐ வராது. மலிவான சிலவற்றில் இரண்டாவது ஸ்லாட் பிராசஸரிலிருந்து வராமல் சிப்செட்டிலிருந்து நான்கு லேனோடு, அதாவது நான்கு தரவுப் பாதையோடு வரும். அதில் என்விடியா டிரைவர் எஸ்எல்ஐ தேர்வையே காட்டாது. பிராசஸரின் லேன்கள் எட்டும் எட்டுமாகப் பிரிகிற போர்டுதான் வேண்டும். கார்டு ஒன்றுக்கு 145 வாட், பிராசஸருக்கு 88 வாட். நல்ல தரமான 650 வாட் பவர் சப்ளை போதும். பெட்டியில் மேல் கார்டுக்கும் கீழ் கார்டுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை என்றால் மேல் கார்டு கீழ் கார்டின் சூட்டையே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

பழையபெட்டி
வினோத், உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இப்போது வரும் கேம்களுக்கு என்றால் வேண்டாம். 2011 முதல் 2016 வரை வந்த கேம்களுக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அனல்காற்று சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் பிரேம் இரட்டித்தது ஒரே ஒரு உத்தியால்தான். முதல் பிரேமை ஒரு கார்டு வரையும், அடுத்ததை மற்றது வரையும். மாற்றி மாற்றி. உங்கள் 970 ஒரு பிரேம் வரைய 30 மில்லிசெகண்டு எடுக்கிறது என்று வையுங்கள். தனியாக ஓடினால் நொடிக்கு 33 பிரேம். இரண்டு கார்டு இருந்தால், முதல் கார்டு பாதி வேலையில் இருக்கும்போதே, அதாவது 15-ஆவது மில்லிசெகண்டில், இரண்டாவது கார்டு அடுத்த பிரேமைத் தொடங்கும். 15 மில்லிசெகண்டுக்கு ஒரு பிரேம் திரைக்கு வரும். நொடிக்கு 66. காகிதக் கணக்கு இது. நன்றாக ஆதரவு கொடுத்த கேம்களில் உண்மையிலேயே இதற்குப் பக்கத்தில் வந்தது.

இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டாவது பிரேமை வரைய முதல் பிரேமிலிருந்து எதுவும் தேவைப்படக்கூடாது. 2010 வாக்கில் பெரும்பாலான கேம்களில் அது உண்மை. ஒவ்வொரு பிரேமும் வெற்றுத் தாளில் தொடங்கியது. இப்போது வரும் பெரிய கேம்கள் பெரும்பாலும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. ஆளுக்கொரு பக்கமாக எழுதும் இரண்டு எழுத்தர்களில், முந்தைய பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தால்தான் அடுத்தவருக்கு எழுத வரும் என்றாகிவிட்டது.

வினோத்_தேனி
முந்தைய பிரேமிலிருந்து என்ன எடுக்கிறார்கள்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

சாம்பல்பூனை
எனக்கும் இதே பிரச்சினை. என் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரில் `GPU 0` இன்டெல், `GPU 1` என்விடியா என்று இரண்டு காட்டுகிறது. கேம் ஓடும்போது இன்டெல் பத்து சதவிகிதம்தான் வேலை செய்கிறது. இரண்டையும் முழுதாக ஓட வைக்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

குமரி_கணினி
தம்பி, அது வேறு கதை. உங்கள் லேப்டாப்பில் என்விடியா வரைகிறது, இன்டெல் அதை வாங்கித் திரைக்கு அனுப்புகிறது. அந்தப் பத்து சதவிகிதம் அந்தத் தபால்காரர் வேலைதான். மாற்ற ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகவே இருக்கிறது.

பழையபெட்டி
வினோத், மூன்று உதாரணம். ஓரங்கள் ரம்பம் போலத் தெரியாமலிருக்க இப்போது எல்லாரும் கையாளும் டிஏஏ, முந்தைய பிரேமின் முழுப் படத்தையும் எடுத்து இப்போதைய படத்தோடு கலக்கிறது. தரையில் தேங்கிய நீரில் தெரியும் பிரதிபலிப்புக்குப் பல எஞ்சின்கள் முந்தைய பிரேமின் நிறங்களையே எடுத்துக்கொள்கின்றன. மூன்றாவது, எது எதன் பின்னால் மறைந்திருக்கிறது என்று முந்தைய பிரேமின் ஆழத் தகவலைப் பார்த்து, மறைந்ததை வரையாமலே விடுவது. குறைந்த தெளிவில் வரைந்ததைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் 2 போன்றவை முழுக்க முழுக்க முந்தைய பிரேம்களின் வரலாற்றில் வாழ்பவை.

இந்த மூன்றும் சேதம் ஒரே அளவில் செய்வதில்லை என்பதுதான் சுவையான விஷயம். பிரேமின் எந்த இடத்தில் பழைய தகவல் தேவைப்படுகிறது என்பதே முக்கியம். மேலே சொன்ன 30 மில்லிசெகண்டு கணக்கையே எடுப்போம். 1080-யில் நிறத் தகவல் புள்ளிக்கு 8 பைட் என்றால் ஒரு முழுப் படம் சுமார் 16.6 எம்பி. உங்கள் போர்டில் எட்டு லேன் வழியாக ஒரு கார்டிலிருந்து மற்றதற்கு அதை நகலெடுக்க மிகச் சிறந்த நிலையிலும் 2 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். 2 என்றே வைத்துக்கொள்வோம்.

டிஏஏ பிரேமின் கடைசிக் கட்டத்தில், 25-ஆவது மில்லிசெகண்டு வாக்கில் வருகிறது. இரண்டாவது கார்டு அந்த இடத்தை அடையும்போது கடிகாரத்தில் 40. முதல் பிரேம் 30-லேயே முடிந்து, 32-இல் நகல் வந்து காத்திருக்கும். நட்டமே இல்லை. பிரதிபலிப்பு நடுவில், பத்தாவது மில்லிசெகண்டில் வருகிறது என்று வையுங்கள். இரண்டாவது கார்டு கடிகாரத்தில் 25-இல் அங்கே வந்துவிடும், ஆனால் 32 வரை சும்மா நிற்க வேண்டும். இந்த 7 மில்லிசெகண்டு ஒவ்வொரு பிரேமிலும் விழும். இடைவெளி 15-இலிருந்து 22 ஆகிறது. 66 பிரேம் என்றது 45 ஆகிவிட்டது.

மறைந்ததைக் கண்டுபிடிக்கும் வேலையோ பிரேமின் முதல் அடியிலேயே வருகிறது. முதல் பிரேம் முடிந்த பிறகே அந்தத் தகவல் அனுப்பப்படுகிறது என்றால் இரண்டாவது கார்டு 32 வரை தொடங்கவே முடியாது. முடிக்க 62 ஆகும். அடுத்தது 64-இல் தொடங்கும். 32 மில்லிசெகண்டுக்கு ஒரு பிரேம், நொடிக்கு 31. ஒற்றைக் கார்டு கொடுத்த 33-ஐவிடக் குறைவு. இரண்டு கார்டு, இரட்டை மின்சாரம், இரட்டைச் சூடு, வேகம் மட்டும் இறங்குமுகம்.

அனல்காற்று
கணக்கு அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஷேடோ ஆஃப் தி டூம் ரைடரிலும் டிஏஏ உண்டு. அது டைரக்ட்எக்ஸ் 12-இல் இரண்டு கார்டில் நன்றாகவே ஓடுகிறது. ஆக முடியும். செய்ய மனமில்லை, அவ்வளவுதான். நினைவகம் கூடும் என்று நான் சொன்னதற்கும் பதில் இல்லை.

பழையபெட்டி
முடியும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. அந்தக் கேமின் கணினிப் பதிப்பைச் செய்த நிக்ஸஸ் நிறுவனம் இதற்காகத் தனியாக உழைத்தது. எந்தத் தகவலை எப்போது அடுத்த கார்டுக்கு அனுப்புவது, எதை இரண்டு கார்டிலும் தனித்தனியாகவே கணக்கிட்டுக்கொள்வது என்றெல்லாம் கேமின் உள்ளே இருப்பவர்களால்தான் தீர்மானிக்க முடியும்.

டைரக்ட்எக்ஸ் 11 காலத்தில் அந்த வேலை டிரைவர் எழுதுபவர்களிடம் இருந்தது. என்விடியா ஆட்கள் கேமை வெளியிலிருந்து ஆராய்ந்து, இதை நகலெடு, அதை விட்டுவிடு என்று ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குறிப்பு எழுதி டிரைவரில் சேர்ப்பார்கள். டைரக்ட்எக்ஸ் 12-உம் வல்கனும் வந்தபோது பொறுப்பு கேம் செய்பவர்களின் தலையில் விழுந்தது. இரண்டு கார்டு வைத்திருக்கும் சொற்பப் பேருக்காக மாதக்கணக்கில் உழைக்க எத்தனை நிறுவனம் முன்வரும்? 2020-இல் என்விடியா வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: 2021 ஜனவரி 1 முதல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் புதிய எஸ்எல்ஐ குறிப்புகள் கிடையாது. அடுத்து வந்த 30 வரிசையில் 3090, 3090 டிஐ மட்டும் இணைப்பு வசதியோடு வந்தன. 4090-இல் அதுவும் இல்லை. உங்கள் வணிகக் காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் ஏஎம்டியும் தன் இரட்டைக் கார்டு முறையான கிராஸ்ஃபயரைக் கைவிட்டதே, அங்கேயும் அதே பேராசையா?

நினைவகம்: டைரக்ட்எக்ஸ் 12-இல் இரண்டு கார்டின் நினைவகத்தையும் தனித்தனியாக ஆள முடியும், அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் மாற்றி மாற்றி வரையும் முறையில் இரண்டு கார்டும் அதே சுவரை, அதே மரத்தை வரைய வேண்டும். படங்கள் இரண்டிலும் இருந்தே ஆக வேண்டும். நான்கும் நான்கும் நான்குதான். அதிலும் 970-இல் வேகமான பகுதி 3.5 ஜிபி, மீதி அரை ஜிபி மெதுவானது. இப்போது வரும் கேம்களில் வினோத் முதலில் முட்டப்போகும் சுவர் அதுவாகக்கூட இருக்கலாம்.

மலர்விழி_3டி
நான் கேம் ஆடுவதில்லை, ஆனால் என்னிடம் இரண்டு கார்டு உண்டு. பிளெண்டரில் சைக்கிள்ஸ் வைத்துப் படம் எடுக்கும்போது இரண்டும் முழு மூச்சில் ஓடி, நேரம் கிட்டத்தட்ட பாதியாகிறது. எஸ்எல்ஐ பிரிட்ஜ் எதுவும் இல்லை, இரண்டும் வேறு வேறு மாடல். ஆகவே இரண்டு கார்டு வீண் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

பழையபெட்டி
உங்கள் வேலையில் ஒரு கார்டுக்கு மற்றதன் முடிவு தேவைப்படுவதில்லை, அதனால்தான் ஓடுகிறது. படத்தின் இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு என்று பிரித்துக்கொண்டு கடைசியில் ஒட்டினால் போதும். அவசரமும் இல்லை. கேமில் 16 மில்லிசெகண்டுக்குள் எல்லாம் முடிந்து திரையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும்: காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் நினைவகத்திலும் அடங்க வேண்டுமே, அதில் நீங்களும் எங்கள் கட்சிதான்.

வினோத்_தேனி
அப்படியானால் கேமிலும் ஒரே பிரேமை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்துக்கொள்ளலாமே? முந்தைய பிரேம் சிக்கலே வராதே.

பழையபெட்டி
நல்ல கேள்வி. 2014-இல் சிவிலைசேஷன்: பியாண்ட் எர்த் கேமில் ஃபிராக்ஸிஸ் அதைத்தான் செய்தார்கள், ஏஎம்டியின் மேன்டில் வழியாக. பிரேம் எண்ணிக்கை அவ்வளவு உயராது, ஆனால் சீராக வரும், தாமதமும் குறையும் என்று தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் உயராது? நிழல்களைக் கணக்கிடுவது போன்ற வேலைகளைப் பாதியாக்க முடியாது. இரண்டு கார்டும் அதை முழுதாகச் செய்ய வேண்டும். மேல் பாதி வெறும் வானம், கீழ் பாதி அடர்ந்த காடு என்றால் ஒரு கார்டு முடித்துவிட்டு மற்றதற்காகக் காத்திருக்கும். ஒளி பரவல், மங்கல் போன்றவை பிரிகோட்டைத் தாண்டிப் போகும். முந்தைய பிரேமும் அங்கே முழுதாக ஒழியாது. கேமராவைச் சற்று மேலே உயர்த்தினால் போதும், கீழ்ப் பாதியில் இருந்தது மேல் பாதிக்கு வந்துவிடும், அதன் வரலாறோ மற்ற கார்டில் இருக்கும்.

நிலாமுற்றம்
யாரும் இதுவரை திக்கலைப் பற்றிப் பேசவில்லை. நான் இரண்டு 970 வைத்திருந்தேன், விற்றுவிட்டேன். திரையில் 60 என்று காட்டும், கண்ணுக்கு 40 போலத் தெரியும். சராசரி எண்ணை மட்டும் பார்த்தவர்கள் எல்லாம் ஏமாந்தார்கள். 2013-இல் பத்திரிகைகள் ஒவ்வொரு பிரேமும் திரைக்கு வந்த நேரத்தைத் தனித்தனியாக அளக்கத் தொடங்கிய பிறகுதான் பூனை வெளியே வந்தது. ஏஎம்டி அந்த ஆண்டே பிரேம்களைச் சீராக விடும் டிரைவரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அனல்காற்று
எனக்கு ஒருபோதும் திக்கல் தெரிந்ததில்லை. என்விடியாவில் அது பெரிய பிரச்சினையே இல்லை.

நிலாமுற்றம்
உங்கள் கண் அதிர்ஷ்டம் செய்தது. ஆப்டர்பர்னரில் `Frametime` கோட்டைத் திரையில் வைத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஒற்றைக் கார்டில் அது ஏறக்குறைய நேர்கோடு. இரண்டு கார்டில் ரம்பப் பல்: ஒரு பிரேம் 8 மில்லிசெகண்டில், அடுத்தது 24-இல். சராசரி 16, எண் 60-ஐத் தாண்டுகிறது. ஆனால் கண் அந்த 24-ஐத்தான் உணர்கிறது.

பழையபெட்டி
இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கேமுக்குக் கேம், டிரைவருக்கு டிரைவர் அது மாறியது. ஆனால் தாமதத்தில் யாருக்கும் விலக்கு இல்லை. என் கணக்கில் 15 மில்லிசெகண்டுக்கு ஒரு பிரேம் வந்தாலும் ஒவ்வொரு பிரேமும் உருவாக 30 எடுக்கிறது. மவுஸை அசைத்தது திரையில் தெரிய 33 பிரேம் கேமுக்கு ஆகும் நேரம்தான் ஆகும். படம் வழுக்கிக்கொண்டு போகும், கை மட்டும் சேற்றில் இருக்கும்.

வினோத்_தேனி
அந்த அண்ணனிடம் கார்டை வார இறுதிக்கு மட்டும் இரவல் வாங்கியிருக்கிறேன். எஸ்எல்ஐ தேர்வு வந்துவிட்டது. எதைப் பார்த்தால் இரண்டாவது கார்டு உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரியும்?

பழையபெட்டி
கேம் ஓடும்போது பின்னால் கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட விடுங்கள். நொடிக்கு ஒரு முறை எழுதும்.

```
nvidia-smi --query-gpu=index,utilization.gpu,pcie.link.width.current --format=csv -l 1
```

கடைசி எண் இரண்டிலும் 8 என்று வர வேண்டும். நடு எண்தான் கதை சொல்லும். ஒன்றில் 97, மற்றதில் 0 அல்லது 1 என்றால் கேமுக்கு இரண்டாவது கார்டு இருப்பதே தெரியாது. இரண்டிலும் 90-க்கு மேல் என்றால் பழைய பொற்காலம். இரண்டிலும் 50, 55 என்று நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நான் சொன்ன காத்திருப்பு. மற்றொன்று, உங்கள் ஐ5 மூச்சுவாங்குகிறது. கண்டுபிடிக்க, தெளிவை 720-க்கு இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை அசையவே இல்லை என்றால் பிராசஸர்தான் குற்றவாளி. நான்கு கோர் பிராசஸரில் அதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு.

வினோத்_தேனி
பார்த்துவிட்டேன். தி விட்சர் 3, டைரக்ட்எக்ஸ் 12 புதுப்பிப்புக்கு முந்தைய பழைய பதிப்பு: ஒற்றைக் கார்டில் 50 சொச்சம், இரண்டில் 80-க்கு மேல். இரண்டிலும் 90 சதவிகிதம். மகிழ்ச்சியில் குதித்தேன். அடுத்து சைபர்பங்க் 2077: ஒன்றில் 98, மற்றதில் 0. எஸ்எல்ஐ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம். பிறகு டைரக்ட்எக்ஸ் 11-இல் ஓடும் ஒரு சிறிய கேமை எடுத்து, டிரைவர் குறிப்புகளை மாற்றும் புரொஃபைல் இன்ஸ்பெக்டர் வைத்து வேறொரு கேமின் எஸ்எல்ஐ குறிப்பில் இருக்கும் பிட்டுகளை வலுக்கட்டாயமாகப் போட்டேன். இரண்டு கார்டும் ஓடியது, எண்ணும் ஏறியது. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்ததும் திரை முழுவதும் ஒரு பிரேம் வெளிச்சம், ஒரு பிரேம் இருட்டு என்று சில நொடி படபடத்தது. கண் வலித்துவிட்டது.

பழையபெட்டி
அது அழகான அறிகுறி. வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் பழகுவது போலக் கேம் தன் ஒளியளவைப் பிரேம் பிரேமாக மாற்றுகிறது. அதற்கு முந்தைய ஒளியளவு வேண்டும். நீங்கள் போட்ட பிட்டுகள் அந்தச் சிறு தகவலை நகலெடுக்கச் சொல்லவில்லை. ஆகவே இரண்டு கார்டும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டு தனித்தனி வேகத்தில் பழகுகின்றன. எல்லாவற்றையும் நகலெடுக்கும் பிட்டுகளைப் போட்டால் படபடப்பு நிற்கும், வேகமும் அதோடு போய்விடும்.

தறிக்காரன்
எஸ்எல்ஐ-யை அணைத்துவிட்டு லாஸ்லெஸ் ஸ்கேலிங் போட்டுப் பாருங்கள். கேமை முதல் கார்டு வரையும், இடையில் செருகும் பிரேம்களை இரண்டாவது கார்டு உருவாக்கும். மானிட்டரை இரண்டாவது கார்டில் செருக வேண்டும், அதை மறந்தால் பலன் இருக்காது. நான் இப்படித்தான் ஆடுகிறேன். ஒரே திசையில் ஒரு படம்தான் போகிறது, முதல் கார்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நிலாமுற்றம்
செருகிய பிரேம் உண்மையான பிரேம் ஆகாது. 30-ஐ 60 ஆக்கினால் கைக்கு 30-ஐவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும். வேகமாகத் திரும்பினால் ஓரங்களில் கசிவு தெரியும்.

தறிக்காரன்
55-ஐ 110 ஆக்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

வினோத்_தேனி
என்னிடம் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான். 55-ஐ 110 ஆக்கி என்ன செய்வது?

குமரி_கணினி
வினோத், அந்த நான்காயிரத்தோடு உங்கள் 970 விற்ற காசையும் சேர்த்து, 6 அல்லது 8 ஜிபி உள்ள ஒற்றைக் கார்டு ஏதாவது பாருங்கள். இன்னொன்றும் கணக்கில் வையுங்கள்: 580 வரிசை டிரைவர்தான் 900 வரிசைக்குக் கடைசி. புதிய கேம் வரும்போது அதற்கென்று டிரைவர் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பழையதில் கார்டு வாங்கும்போது கடையிலேயே அரை மணி நேரம் ஏதாவது ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அனல்காற்று
விட்சருக்காக மட்டுமே நான்காயிரம் கொடுக்கலாம் என்பேன். யாரும் கேட்கப்போவதில்லை.

வினோத்_தேனி
கார்டைத் திங்கள்கிழமை திருப்பிக் கொடுக்கிறேன். அதற்குள் ஞாயிறு இரவு டைரக்ட்எக்ஸ் 12-இல் ரைஸ் ஆஃப் தி டூம் ரைடரும் ஓட்டிப் பார்த்து `Frametime` கோட்டின் படத்தைப் போடுகிறேன். அதையும் நிக்ஸஸ்தானே செய்தது?

பழையபெட்டி
ஆமாம். அதே இடத்தில் ஒற்றைக் கார்டிலும் இரண்டு கார்டிலும் ஓட்டி, இரண்டு படமாகப் போடுங்கள். 3.5 ஜிபியைத் தாண்டாமல் டெக்ஸ்சரை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எந்தத் திக்கல் யாருடையது என்று பிரிக்க முடியாது.